சரக்கு தீர்ந்துபோனால் ஆர்டரைப் பெரிதாக்காதீர்கள்

போன ஏப்ரலில் கோவையில் பம்ப்செட் உதிரி பாகங்களை மொத்த வியாபாரம் செய்யும் ஒருவரின் குடோனுக்குப் போயிருந்தேன். நடக்கும் வழியில்கூட அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தார்கள். அந்த நேரத்தில் ஒரு மெக்கானிக் வந்து மோனோபிளாக் பம்புக்கு மெக்கானிக்கல் சீல் கேட்டார். கடைப் பையன் இல்லை என்று சொல்லி அனுப்பினான்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "போன வருஷமும் சீசன்ல இதேதானுங்க சார். 600, 600ஆ வாங்கினா பத்தலைன்னு இந்தத் தடவை ஒரேயடியா 2,400 வாங்கிப் போட்டேன். அப்படியும் தீர்ந்துபோச்சுங்க."

காஸ்ட் அக்கவுண்டன்டாகச் சிறு நிறுவனங்களின் ஸ்டோர் கணக்கைப் பார்ப்பது என் வேலை. இந்த வருடத்தில் இதே கதையை நான் கேட்பது நான்காவது முறை. சரக்கு தீர்ந்தது, அதனால் ஆர்டரைப் பெரிதாக்கினேன், மறுபடியும் தீர்ந்தது, இன்னும் பெரிதாக்கலாமா? வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். எவ்வளவு வாங்குவது என்பது ஒரு கேள்வி, எப்போது வாங்குவது என்பது வேறொரு கேள்வி. இரண்டாவதில் செய்த தவறை முதலாவதை மாற்றிச் சரிசெய்ய முடியாது.

அவருடைய சீலையே எடுத்துக்கொள்வோம். வருடத்துக்கு 6,000 விற்கிறது. ஒன்றின் கொள்முதல் விலை ₹200. அகமதாபாத்திலிருந்து பார்சல் லாரியில் வருகிறது. ஒருமுறை ஆர்டர் போட்டால் குறைந்தபட்ச பார்சல் கட்டணம், புக்கிங் ஆபீசிலிருந்து குடோனுக்குக் கொண்டுவர ஆட்டோ, எண்ணிச் சரிபார்த்து வரவு வைக்கும் ஆளின் நேரம் எல்லாம் சேர்ந்து ₹1,200 ஆகிறது. 50 வாங்கினாலும் 500 வாங்கினாலும் இந்தத் தொகை பெரிதாக மாறாது. அதனால் அடிக்கடி ஆர்டர் போட்டால் இந்தச் செலவு ஏறும். ஒரேயடியாக வாங்கிக் குவித்தால் இது குறையும், ஆனால் சரக்கை வைத்திருக்கும் செலவு ஏறும்.

அந்த இரண்டாவது செலவைத்தான் எல்லோரும் மறுக்கிறார்கள். இவரும் மறுத்தார். "சொந்தக் குடோனுங்க சார், வாடகையே இல்லை. வெச்சிருக்கறதுக்கு என்னங்க செலவு?"

இந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்குப் பொறுமை போய்விடுகிறது. சரி, வாடகையை விடுவோம். அந்தச் சரக்கை எந்தப் பணத்தில் வாங்கினீர்கள்? வங்கி ஓவர்டிராஃப்டில். அதற்கு வட்டி 11 சதவீதம். ரேக்கில் ஒரு வருடம் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு சீலுக்கும் ₹22 வட்டி போய்க்கொண்டே இருக்கிறது. மாதக் கடைசியில் அது வங்கிக் கணக்கில் மொத்தமாகக் கழிக்கப்படுவதால் எந்தப் பெட்டியின் வட்டி என்று கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். ஓவர்டிராஃப்டே இல்லை, சொந்தப் பணம் என்பவர்களுக்கும் இதே பதில்தான். அந்தப் பணம் சரக்கில் முடங்காமல் இருந்திருந்தால் வேறெங்கோ சம்பாதித்திருக்கும்.

வட்டியோடு நிற்பதில்லை. சீலுக்குள் இருக்கும் ரப்பர் நாளாக ஆக இறுகும். பம்ப் மாடல் மாறினால் பழைய அளவு விலைபோகாது. அடியில் இருக்கும் பெட்டி நசுங்கும். இதற்கெல்லாம் 4 சதவீதம், இன்சூரன்சுக்கு 1 சதவீதம், இடத்துக்கும் ஏற்றி இறக்கும் கூலிக்கும் 4 சதவீதம் என்று அவருடைய கணக்குப் புத்தகத்தை வைத்தே எடுத்தோம். இடத்துக்கு ஏன் கணக்கு என்றால், சொந்தக் குடோன் நிறைந்து வழிந்ததால் அவர் பக்கத்தில் ஒரு ஷெட் வாடகைக்கு எடுத்திருந்தார். வாடகையே இல்லை என்று சொன்னவர் அதை மறந்தே போயிருந்தார். ஆக மொத்தம் 20 சதவீதம். ஒரு சீலை ஒரு வருடம் வைத்திருக்க ₹40.

ஒன்றைக் கவனியுங்கள். சரக்கு கூடினாலும் குறைந்தாலும் மாறாத செலவை இதில் சேர்க்கக் கூடாது. வாட்ச்மேன் சம்பளம் 600 சீலுக்கும் ஒன்றுதான், 2,400 சீலுக்கும் ஒன்றுதான். அதேபோல, பர்ச்சேஸ் பார்க்கும் ஆளின் மொத்தச் சம்பளத்தை ஆர்டர் எண்ணிக்கையால் வகுத்து ஆர்டர் செலவு என்று எழுதாதீர்கள். ஒரு ஆர்டர் குறைந்தால் அவர் சம்பளம் குறைந்துவிடாது. இப்படிச் செலவை ஊதிவிட்டுக் கணக்குப் போட்டு, தப்பான பெரிய அளவுகளைக் கையில் வைத்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்த இரண்டு செலவும் சமமாகும் இடத்தில் மொத்தச் செலவு மிகக் குறைவாக இருக்கும். 1913இல் ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்கர் எழுதிய சூத்திரம் இது. எகனாமிக் ஆர்டர் குவான்டிட்டி, சுருக்கமாக இ.ஓ.க்யூ. என்று நாம் சொல்வது இதைத்தான்.

```
Q = √(2 × D × S / H)
  = √(2 × 6000 × 1200 / 40)
  = 600
```

இதில் Q என்பது ஒருமுறைக்கு வாங்க வேண்டிய அளவு, D என்பது வருட விற்பனை, S என்பது ஒரு ஆர்டரின் செலவு, H என்பது ஒன்றை ஒரு வருடம் வைத்திருக்கும் செலவு. 600 வீதம் வாங்கினால் வருடத்துக்குப் பத்து ஆர்டர், செலவு ₹12,000. கையில் சராசரியாக 300 இருக்கும், அதற்கு ₹12,000. மொத்தம் ₹24,000. அவர் போன வருடம்வரை வாங்கிக்கொண்டிருந்த 600 சரியான அளவுதான். அதை 2,400 ஆக்கியதும் ஆர்டர் செலவு ₹3,000 ஆகக் குறைந்தது. ஆனால் சராசரி இருப்பு 1,200 ஆகி, வைத்திருக்கும் செலவு ₹48,000 ஆனது. மொத்தம் ₹51,000. ஒரே ஒரு பொருளில் வருடத்துக்கு ₹27,000 கூடுதல்.

ஆனால் 600 என்று வந்தால் 600தான் வாங்க வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். இரண்டு மடங்காக 1,200 வாங்கினால்கூட மொத்தச் செலவு ₹30,000தான், அதாவது கால்பங்கு கூடுதல். 550, 700 என்று பெட்டிக் கணக்குக்கு ஏற்ப வாங்குவதில் நஷ்டம் பெரிதாக இல்லை. நான்கு மடங்குக்குப் போகும்போதுதான் அடி பலமாக விழுகிறது.

"இனிமே 2,400 வாங்கினா 2 சதவீதம் டிஸ்கவுன்ட் தர்றேன்னு சொல்றாங்களே" என்றார். வருடக் கொள்முதல் ₹12,00,000. அதில் 2 சதவீதம் ₹24,000. விலை குறைவதால் வட்டிச் செலவும் கொஞ்சம் குறையும், அதையும் கழித்துப் பார்த்தால் கூடுதல் செலவு ₹26,000 சொச்சம். அப்போதும் ₹2,000 கைநஷ்டம். அதுவே 3 சதவீதம் கொடுத்திருந்தால் நானே வாங்கச் சொல்லியிருப்பேன். டிஸ்கவுன்ட் நல்லதா கெட்டதா என்பதை இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்த்தபின் சொல்லுங்கள், சேல்ஸ்மேன் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது சொல்லாதீர்கள்.

இப்போது அவரை உண்மையில் கவிழ்த்த விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய ரீ-ஆர்டர் லெவல், அதாவது கையிருப்பு எத்தனைக்கு இறங்கினால் ஆர்டர் போட வேண்டும் என்ற எண், 200. எப்படி வந்தது என்று கேட்டேன். வருடத்துக்கு 300 வேலை நாள், நாளைக்கு 20 விற்கிறது, சரக்கு வர 10 நாள், ஆக 200. கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் பம்ப் சாமான் வருடம் முழுக்க ஒரே மாதிரி விற்பதில்லை. அவருடைய பில்களைப் பிரித்துப் பார்த்தோம். மார்ச் முதல் மே வரை நாளைக்கு 32, மீதி ஒன்பது மாதமும் 16. சராசரி 20 என்பது எந்த மாதத்திலும் உண்மையில்லை. அது மட்டுமல்ல, சீசனில் சப்ளையரிடமும் நெருக்கடி. 10 நாளில் வரவேண்டியது 14 நாள் ஆகிறது.

நவம்பர் தொடக்கத்தில் அவரிடம் 2,400 இருந்தது. நான்கு மாதத்தில் 1,600 விற்று, மார்ச் முதல் தேதியில் 800 மிச்சம். நாளைக்கு 32 வீதம் போய் நான்காவது வாரத்தில் 200ஐத் தொட்டது. விதிப்படி அன்றைக்கே ஆர்டர் போட்டார். மீதி 200 ஆறு நாள் தாங்கியது. லாரி வந்தது பதினான்காம் நாள். இடையில் எட்டு வேலை நாள் ரேக் காலி. சுமார் 250 சீல் பக்கத்துக் கடைக்குப் போனது. ₹4,80,000க்கு வாங்கிப் போட்ட சரக்கு அவரைக் காப்பாற்றவில்லை, ஏனென்றால் ஆபத்து ஆர்டர் போட்ட நாளுக்கும் லாரி வந்து நிற்கும் நாளுக்கும் நடுவில்தான் இருக்கிறது. அந்த நாட்களில் உங்களைத் தாங்குவது, ஆர்டர் போடும்போது ரேக்கில் மிச்சமிருந்தது மட்டும்தான். முன்னால் எவ்வளவு வாங்கினீர்கள் என்பது அங்கே செல்லுபடியாகாது.

சீசனுக்கு 32ஐ 14ஆல் பெருக்குங்கள். 448. ரீ-ஆர்டர் லெவலை 450 ஆக்கச் சொன்னேன். மற்ற மாதங்களுக்கு அதே முறையில் 225. சீசனில் வழக்கமான 10 நாளில் சரக்கு வந்தால் 320 போதும், ஆக மீதி 130 பாதுகாப்புக்காக. அந்த 130ஐ மூன்று மாதம் வைத்திருக்க ஆகும் செலவு ₹1,300. அவர் ₹27,000 கொடுத்தும் கிடைக்காத பாதுகாப்பு ₹1,300க்குக் கிடைக்கிறது. இதைத் தாளில் எழுதிக் காட்டியதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். ஆர்டர் அளவை மறுபடி 600க்கே கொண்டுவந்தோம். சீசனுக்குத் தனியாகக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 760 வரும், ஆனால் வித்தியாசம் சில நூறு ரூபாய்தான்.

உங்கள் குடோனில் இதைச் செய்ய என்ன வேண்டும்? முக்கியமான பொருளுக்கு, கடைசி பத்துப் பன்னிரண்டு ஆர்டர்களை எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஆர்டர் போட்ட தேதிக்கும் சரக்கு வந்த தேதிக்கும் இடையில் எத்தனை விற்றது என்று எழுதுங்கள். சராசரியைப் பார்க்காதீர்கள். சராசரியை வைத்தால் ஏறத்தாழ பாதி முறை சரக்கு பத்தாது. அந்தப் பட்டியலின் மேல்முனையைப் பாருங்கள். பம்ப் சாமான் விற்பவர்கள் ஜனவரியிலேயே லெவலை மாற்றிவிட வேண்டும், மே முடிந்ததும் மறக்காமல் இறக்க வேண்டும். இறக்க மறந்தால் அது வேறு வழியில் முடங்கும் பணம்.

டேலியில் Reorder Status என்ற அறிக்கை இருக்கிறது. ஆனால் வரவேண்டிய ஆர்டரை நீங்கள் பர்ச்சேஸ் ஆர்டராகப் பதிந்திருந்தால்தான் அது சரியாகச் சொல்லும். போனில் சொல்லிவிட்டுப் பதியாமல் விட்டால், கையிருப்பு குறைவு என்று பார்த்த இன்னொருவர் மறுபடி ஆர்டர் போடுவார். லெவலோடு ஒப்பிட வேண்டியது கையிருப்பையும் வழியில் வருவதையும் சேர்த்த எண்.

கம்ப்யூட்டர் பார்க்க ஆள் இல்லாத குடோனா? ரீ-ஆர்டர் லெவல் எத்தனையோ அத்தனையைத் தனிப் பெட்டியில் போட்டுச் சிவப்பு டேப் ஒட்டிவிடுங்கள். டேப்பைப் பிரிக்கும் நாள்தான் ஆர்டர் போடும் நாள். கோவைக்காரர் அப்படித்தான் செய்திருக்கிறார். 450 சீல், ஒன்பது பெட்டி. ஸ்டோர் தம்பியிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: டேப்பைப் பிரித்த அன்று சாயங்காலத்துக்குள் முதலாளிக்குச் சொல்லிவிடு கண்ணு, மறுநாளைக்கு வைக்காதே. சீசனில் ஒரு நாள் என்றால் 32 சீல்.