நாற்பது பெட்ஷீட்டுக்கு என்ன விலை போடலாம்?

சென்னிமலையில் பெட்ஷீட் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒரே ரகத்தில் 40 பெட்ஷீட்டை மட்டும் மூன்று மணி நேரத் திடீர் தள்ளுபடியில் விடலாம் என்றிருக்கிறேன். எவ்வளவு குறைத்தால் புது ஆட்கள் வருவார்கள்? அடுத்த வாரம் முழு விலைக்கு வாங்க இருந்தவரே அன்றைக்கு வந்து எடுத்துப் போய்விட்டால் என்ன செய்வது?"

அவருடைய இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்தால் முதல் கேள்விக்கும் கிடைத்துவிடும்.

ஒரு பெட்ஷீட்டின் விலை 1,000 ரூபாய், அடக்கம் 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடை வாடகையும் கரண்ட் பில்லும் தள்ளுபடி போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான். அவற்றைச் சேர்க்க வேண்டாம். வழக்கமான லாபம் 400. விலையை 800 ஆக்கினால் லாபம் 200.

இப்போது வாங்குகிறவர்களை இரண்டாகப் பிரியுங்கள். தள்ளுபடி இல்லாவிட்டால் வந்தே இருக்க மாட்டார் என்பவரிடம் 200 ரூபாய் புதிதாகக் கிடைக்கிறது. எப்படியும் வாங்கியிருப்பவரிடம் 400 கிடைக்க வேண்டிய இடத்தில் 200தான் கிடைக்கிறது. ஆக, தள்ளுபடி லாபத்தை வழக்கமான லாபத்தால் வகுத்தால் ஓர் எல்லை கிடைக்கும். 200ஐ 400ஆல் வகுத்தால் பாதி. வாங்குவோரில் பழைய ஆட்கள் பாதிக்கு மேல் போனால் நட்டம். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. கடையின் மொத்த விற்பனையோ ஊரின் மக்கள்தொகையோ எதுவும் தெரியாமலேயே, ஒரே ஒரு வகுத்தலில் ஆபத்து எங்கே தொடங்குகிறது என்று காட்டிவிடுகிறது.

விலையை 700க்கு இறக்கினால் லாபம் 100. எல்லை கால்வாசியாகச் சுருங்கிவிடுகிறது. வாங்கிய 40 பேரில் 16 பேர் பழையவர்கள் என்று வையுங்கள். 800 ரூபாயில் வந்த லாபம் 8,000. இழந்த வழக்கமான லாபம் 6,400. கையில் நிற்பது 1,600. அதே 16 பேரோடு 700 ரூபாயில் வந்தது 4,000, போனது 6,400, நட்டம் 2,400. இத்தனைக்கும் 700 ரூபாய்ச் சரக்கு இன்னும் வேகமாகத் தீர்ந்திருக்கும். பத்தே நிமிடத்தில் காலியானால் அதை வெற்றி என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலும் தேவைக்கு மேல் விலையை இறக்கிவிட்டோம் என்பதற்கான அடையாளம் அது. அதற்காக 900 போட்டால் பத்திரம் என்றும் சொல்ல முடியாது. எல்லை முக்கால்வாசிக்கு ஏறுகிறது என்பது சரிதான். ஆனால் நூறு ரூபாய்க்காகப் புதியவர் யார் வருவார்? அந்த 16 பேரும் கூட நான்கு பேரும் மட்டும் வந்தால் 400 ரூபாய் நட்டம்.

சரக்கு குறைவாக இருப்பது நட்டத்துக்கு வரம்பு கட்டுகிறது. 40 தீர்ந்த பிறகு வருகிறவர் முழு விலைக்குத்தான் வாங்க வேண்டும். கூட்டத்தைப் பார்த்து இன்னும் பத்தை எடுத்து வைத்தால் அந்த வரம்பு உடைந்துவிடும். குறைந்த சரக்கில் வேறொரு சிக்கலும் உண்டு. முந்தி வருகிறவருக்குத்தான் பொருள். கடையின் வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தால் முந்தி வருவது யார்? உங்களிடம் ஏற்கெனவே வாங்குகிறவர்தான். எனவே முதல் அறிவிப்பு, பழைய வாடிக்கையாளர் இல்லாத இடத்துக்குப் போகட்டும்.

அந்த 16 என்ற எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது? குழுவுக்கே சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் அதையே சோதனையாக்கிவிடலாம். வாடிக்கையாளர் பட்டியலில் கைப்பேசி எண் இரட்டைப்படையில் முடிகிறவர்களுக்கு மட்டும் செய்தி அனுப்புங்கள், ஒற்றைப்படைக்கு வேண்டாம். இரண்டு மாதம் இரு பக்கத்தின் பில்களையும் எண்ணுங்கள். செய்தி போகாத பக்கம் முழு விலைக்கு 20 வாங்கியது. செய்தி போன பக்கம் தள்ளுபடியில் 40, முழு விலைக்கு நான்குதான் வாங்கியது என்றால், காணாமல் போன 16தான் உங்கள் எண். ஒரு வாரத்தோடு நிறுத்தினால் ஏமாந்துபோவீர்கள். பெட்ஷீட்டை யாரும் வாராவாரம் வாங்குவதில்லை, முன்கூட்டி வாங்கியவர்களின் பள்ளம் பின்னால்தான் தெரியும். 20க்கு 17 போன்ற சிறு வித்தியாசம் தற்செயலாகவும் வரும். அதை நம்பி விலையை மாற்ற வேண்டாம்.

கடைசியாக, நாள். ஆடியில் திருமணம் வைக்கக் கூடாது என்ற நம்பிக்கையால் வியாபாரம் படுக்கிறது. அதைத் தூக்கி நிறுத்த ஆடித் தள்ளுபடி வந்தது. எந்த மாதமும் திருமணத்துக்கு ஆகாத மாதமில்லை என்பது என் உறுதியான எண்ணம். நம்பிக்கை ஒருபுறம் இருக்கட்டும், தேதி தெரிந்த தள்ளுபடிக்கு ஒரு விலை உண்டு: ஆனியில் வாங்க வேண்டியவர் காத்திருக்கிறார். தள்ளுபடி நாளை வாடிக்கையாளர் ஊகிக்க முடியாதபடி கடைகள் மாற்றிக்கொண்டே இருப்பதற்குக் காரணம் உண்டு என்று பொருளாதார அறிஞர் ஹால் வேரியன் 1980இல் கணிதத்தால் காட்டினார். முகூர்த்த நாளோ மாத முதல் தேதியோ பார்த்துப் போட்டால், அதே காலண்டர் வாங்குகிறவர் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. ஆண்டுக்கு மூன்று தடவை என்று வைத்துக்கொண்டு, எந்தெந்த வாரம் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். எடுத்ததைக் கடை ஆட்களிடமும் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம்.