டர்பன் – சென்னை பயணம்: 7 கிலோ கைப்பையும் கவுண்டரில் பெட்டி மாற்றும் முறையும்

டிசம்பர் விடுமுறைக்கும் தைப்பூசத்துக்கும் சென்னை போய்வரும் நம் டர்பன் குடும்பங்களுக்குப் போகும்போது சிக்கல் அதிகம் வருவதில்லை. கிங் ஷாக்கா விமான நிலையத்தில் பெட்டி பாதி காலியாக இருக்கும். கல்யாணப் புடவை, குத்துவிளக்கு, மசாலா எல்லாம் சேர்ந்த பிறகு சென்னைக் கவுண்டரில்தான் பணம் கேட்பார்கள். ஆகவே இங்கே சொல்வதெல்லாம் திரும்பும் பயணத்தை மனத்தில் வைத்துத்தான்.

முதலில் அளவு. துபாய் வழியாகப் போகும் எமிரேட்ஸில் எகானமி பயணிக்கு ஒரே ஒரு கைப்பை, 7 கிலோ, 55 × 38 × 22 செ.மீ. இந்தியாவில் விமானம் ஏறும்போது மட்டும் மூன்று பக்கமும் கூட்டி 115 செ.மீ. தாண்டக்கூடாது என்பது கணக்கு. அதாவது 55, 35, 25. ஜோகன்னஸ்பர்க் வரை பிளைசஃபேரில் தனிச் சீட்டு எடுத்திருந்தால் அங்கே 56 × 36 × 23, அதுவும் 7 கிலோ. ஒவ்வொன்றிலும் சிறிய எண்ணை எடுத்துக்கொண்டால் 55 × 35 × 22 வரும். இந்த அளவுக்குள் இருக்கும் பையை மூன்றிலும் கொண்டுபோகலாம். புதிதாகப் பை வாங்குகிறவர்கள் இந்த எண்களைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

கடையில் ‘கேபின் சைஸ்’ என்று சீட்டு ஒட்டியிருப்பதை நம்பாதீர்கள். பல பெட்டிகளில் சக்கரத்தையும் மேல் கைப்பிடியையும் விட்டுவிட்டு உடம்பை மட்டும் அளந்து 55 என்று போட்டிருப்பார்கள். தரையிலிருந்து டேப் வைத்தால் 58 வரும். கவுண்டருக்குப் பக்கத்தில் இருக்கும் அளவுக் கூண்டில் சக்கரத்தோடுதான் இறங்க வேண்டும். இன்னொன்று முன்பக்க ஜிப் அறை. காலியாக இருக்கும்போது 22 செ.மீ. இருக்கும் பை, அந்த அறையில் ஒரு சால்வையைத் திணித்தால் 26 ஆகிவிடும். துணிப் பையென்றால் அழுத்தி இறக்கலாம். கெட்டி ஓட்டுப் பெட்டி வளையாது.

எடையிலும் இந்த ஓட்டுப் பெட்டிதான் வில்லன். நான்கு சக்கர கேபின் பெட்டி காலியாகவே இரண்டரை முதல் மூன்று கிலோ இருக்கும். 7 கிலோவில் மீதி நான்குதான் உங்களுக்கு. முதுகில் மாட்டும் துணிப் பை ஒரு கிலோவுக்குள் அடங்கும். ஆயாவுக்கு முதுகில் மாட்டச் சிரமம் என்றால் சக்கரம் தேவைதான். மற்றவர்களுக்கு இரண்டு கிலோவைச் சக்கரத்துக்குக் கொடுப்பது வீண் என்பது எங்கள் கருத்து.

இனி பெரிய பெட்டி. இதில்தான் பலருக்கும் குழப்பம். சீட்டில் இரண்டு விதமாகப் போட்டிருப்பார்கள். ‘30 கிலோ’ என்று மொத்தமாகப் போட்டிருந்தால் அது எடை முறை. அதை இரண்டு பெட்டியாகப் பிரித்து, ஒன்றில் 18, இன்னொன்றில் 12 வைத்தாலும் கேள்வி இல்லை. ‘2 பீஸ், 23 கிலோ’ என்று இருந்தால் அது எண்ணிக்கை முறை. ஆப்பிரிக்காவில் தொடங்கும் பயணங்களில் இதைத்தான் அதிகம் பார்க்கிறோம். இங்கே ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியாக 23க்குள் இருக்க வேண்டும். ஒன்று 26, இன்னொன்று 20 என்றால் கூட்டினால் 46தான். ஆனாலும் அந்த 26 கிலோ பெட்டிக்குக் கட்டணம் உண்டு. இப்படிக் கட்டும் பணம் சரக்கு அதிகமானதற்காக இல்லை, இடம் மாற்றி வைக்காததற்காக. அதனால்தான் கவுண்டரில் பத்து நிமிடம் பெட்டியைத் திறந்து மாற்றினால் பலனிருக்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சாட்ஸ்வொர்த்தைச் சேர்ந்த கணவன் மனைவி, மகள் கல்யாணத்துக்குச் சாமான் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பெட்டிகள்: 26.4, 21.2, 24.1, 18.5 கிலோ. கைப்பைகள்: அவருடையது 8.6, அந்த அம்மாவுடையது 9.3. எல்லாம் சேர்ந்து 108.1. அனுமதி நான்கு 23ம் இரண்டு 7ம், அதாவது 106. உண்மையில் அதிகம் 2.1 கிலோதான். ஆனால் கவுண்டரில் பார்த்தால் முதல் பெட்டி, மூன்றாவது பெட்டி, இரண்டு கைப்பை என்று நான்கு இடத்தில் தப்பு.

கைப்பையிலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் அதில்தான் இடமும் எடையும் குறைவு. அந்த அம்மாவின் பையில் துண்டில் சுற்றிய ஒரு ஜோடிக் குத்துவிளக்கு 2.4 கிலோ. பித்தளை கைப்பைக்கு ஆகாது. எடை ஒருபுறம், எக்ஸ்ரேயில் கறுப்புக் கட்டியாகத் தெரிந்து பையைத் திறக்கச் சொல்வார்கள், கூர்மையான உச்சி இருந்தால் உள்ளே விடாமலும் போகலாம். அதை 18.5 கிலோ பெட்டிக்கு மாற்றினால் அது 20.9, கைப்பை 6.9. அவருடைய பையிலிருந்து இரண்டு தடித்த புத்தகமும் ஒரு ஜோடி ஷூவும், 1.7 கிலோ, அதே பெட்டிக்குப் போகட்டும். பெட்டி 22.6, அவர் பை 6.9. கைப்பை இரண்டும் முடிந்தது.

இப்போது 26.4 பெட்டியிலிருந்து 1.7 கிலோ புடவைக் கட்டை 21.2 பெட்டிக்கு மாற்றுங்கள். ஒன்று 24.7, மற்றது 22.9. மூன்றாவது பெட்டியில் இருக்கும் 900 கிராம் கோட்டை அவர் போட்டுக்கொள்ளட்டும். விமானத்தில் குளிருக்கும் ஆகும். அது 23.2 ஆகிறது. மிச்சம் 24.7ம் 23.2ம். இந்த இடத்தில் எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். டர்பனிலேயே நல்ல மசாலா கிடைக்கும்போது, முதல் பெட்டியின் இரண்டு கிலோ மசாலாத் தூளுக்குக் கூடுதல் கட்டணம் கட்டுவது நியாயமில்லை. அதை எடுத்தால் 22.7. மூன்றாவது பெட்டியிலிருந்து 300 கிராம் ரவிக்கைத் துணியை அங்கே போட்டால் 23.0ம் 22.9ம். ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த மசாலாவை யாரிடம் கொடுப்பது? கிங் ஷாக்காவில் வழியனுப்ப வந்தவர்கள் கவுண்டர் அருகே நிற்கலாம். சென்னையில் பயணச்சீட்டு இல்லாதவர்களை முனையத்துக்குள் விடமாட்டார்கள்; வாசலிலேயே காவலர் சீட்டையும் பாஸ்போர்ட்டையும் பார்ப்பார். உள்ளே போன பிறகு அதிகம் என்று தெரிந்தால், அத்தையிடம் திருப்பிக் கொடுக்க வழி இல்லை, குப்பைத்தொட்டிதான். எனவே கணக்கையெல்லாம் வீட்டிலேயே முடித்துவிடுங்கள்.

வீட்டில் எடை போடக் கையில் தொங்கவிடும் சின்னத் தராசு போதும். அது இல்லாவிட்டால் குளியலறைத் தராசில் நீங்கள் மட்டும் ஒருமுறை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். இரண்டும் அரைகிலோ முன்பின் காட்டும், ஆகவே 22.5, 6.5 என்று நிறுத்துவது நல்லது. 200 கிராமைக் கண்டுகொள்ளாமல் விடும் ஊழியர்கள் உண்டு. அதை நம்பிப் பெட்டி கட்டாதீர்கள்.

கவுண்டரில் நேரம் போவது தேடுவதில்தான். அதற்கு எளிய வழி, கனமான பொருள்களைச் சின்னத் துணிப் பைகளில் கட்டி, தனித்தனியாக எடை போட்டு, மேலே மார்க்கரில் ‘1.7’, ‘2.4’ என்று எழுதி வைப்பது. அவற்றைப் பெட்டியின் மேல்தட்டில் வையுங்கள். ஊழியர் “24.7” என்றதும் 1.7 கட்டை எடுத்து அடுத்த பெட்டியில் போட வேண்டியதுதான்; உள்ளாடை எல்லாம் வரிசையில் நிற்பவர் பார்க்க வேண்டியதில்லை. லேசான துணியை மாற்றினால் எடை அவ்வளவாகக் குறையாது, இடம்தான் அடைபடும். பித்தளை, புத்தகம், ஷூ, தூள் பொட்டலம், கனமான புடவைக் கட்டு, இவைதான் மாற்ற வேண்டியவை. பெட்டியைப் பிளாஸ்டிக் சுற்றுகிறவர்கள் எடை பார்த்த பிறகு சுற்றுங்கள். முதலில் சுற்றிவிட்டு, பிறகு கவுண்டரில் கத்தரிக்கோல் கேட்பவர்கள் நிறைய.

அவசரத்தில் மாற்றும்போது எதை எங்கே வைக்கக்கூடாது என்பது மறந்துபோகும். பவர் பேங்க் பெரிய பெட்டியில் போகக்கூடாது. தீப்பிடித்தால் அணைக்க ஆள் இருக்கும் இடத்தில்தான் அது இருக்க வேண்டும். வரம்பு 100 வாட் ஹவர். 20,000 எம்.ஏ.எச். என்றால் 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க 74 வாட் ஹவர், சரிதான். எமிரேட்ஸில் அக்டோபர் 2025 முதல் ஆளுக்கு ஒன்றுதான், விமானத்தில் பயன்படுத்தவும் கூடாது. எதிர்த்திசையில், நெய், ஊறுகாய், தேன் எதுவும் 100 மில்லிக்கு மேல் கைப்பையில் வராது. பெரிய பெட்டியில் எடையைக் குறைக்கிறேன் என்று ஊறுகாய் பாட்டிலைக் கைப்பைக்கு மாற்றினால் பாதுகாப்புச் சோதனையில் போய்விடும். கொப்பரை இரண்டிலும் கூடாது. எண்ணெய்ச் சத்தால் தானாகச் சூடேறித் தீப்பற்றும் வகையில் அதைச் சேர்த்திருக்கிறார்கள்.

மாற்றிப் பார்த்தும் அதிகம் என்றால் பணம் கட்டுவதிலும் ஒரு வழி இருக்கிறது. எண்ணிக்கை முறையில் பல நிறுவனங்கள் 23க்கு மேல் 32 வரை ஒரு பெட்டிக்கு ஒரே கட்டணம்தான் வாங்குகின்றன. ஒரு கிலோ அதிகமானாலும் எட்டு கிலோ அதிகமானாலும் ஒன்றே. இரண்டு பெட்டிகளில் ஒவ்வொரு கிலோ அதிகமாக இருந்தால் இருமுறை கட்ட வேண்டும். அதிகப்படியை எல்லாம் ஒரே பெட்டிக்குள் தள்ளி, அதை மட்டும் 32க்குள் கொண்டுபோய் ஒருமுறை கட்டுங்கள். 32ஐத் தாண்டினால் தூக்குகிறவர்களின் பாதுகாப்புக்காகப் பணம் கொடுத்தாலும் ஏற்கமாட்டார்கள். கூடுதல் பெட்டி ஒன்று போட என்ன விலை என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், எது மலிவோ அதை எடுக்கலாம். அதிகம் வரும் என்று முன்பே தெரிந்தால் இணையத்தில் வாங்கிவிடுங்கள். கவுண்டர் விலையைவிட அது பெரும்பாலும் குறைவு.

சில நேரம் கவுண்டரில் விட்டுவிட்டு, விமான வாயிலில் கைப்பையைப் பிடித்துக் கீழே அனுப்பச் சொல்வார்கள். அப்போது பவர் பேங்க், பாஸ்போர்ட், மருந்து, நகை, வீட்டுச் சாவி ஆகியவற்றை வெளியே எடுத்தாக வேண்டும். இவற்றை முதலிலேயே ஒரு சின்னப் பையில் போட்டுக் கைப்பையின் மேல் வைத்திருந்தால் அதை மட்டும் உருவிக்கொண்டு ஏறலாம்.