டி.எஸ்.ஹெச். சற்றே கூடினால் மாத்திரை தொடங்க வேண்டுமா?

அண்மையில் 38 வயதுப் பெண் ஒருவர் பரிசோதனை அறிக்கையோடும், பிரிக்கப்படாத தைராக்சின் மாத்திரைப் பெட்டியோடும் என்னிடம் வந்தார். அறிக்கையில் டி.எஸ்.ஹெச். 7.1 என்று தடித்த எழுத்தில் இருந்தது. அந்த ஆய்வகத்தின் மேல் வரம்பு 4.5. ஃப்ரீ டி-4 எனப்படும் தைராக்சின் அளவோ இயல்பாகவே இருந்தது. வேறொரு மருத்துவர் தினமும் 50 மைக்ரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தார். "இதை ஆரம்பித்தால் ஆயுள் முழுக்க விடக்கூடாதாமே, டாக்டர்?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

டி.எஸ்.ஹெச். தைராய்டு சுரப்பி உற்பத்தி செய்யும் பொருள் அன்று. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டை வேலை செய்யத் தூண்டுவதற்காக அனுப்பும் ஹார்மோன் அது. இரத்தத்தில் தைராக்சின் துளி குறைந்தாலும் பிட்யூட்டரி பல மடங்கு உரக்கக் குரல் கொடுக்கும். அதனால் டி.எஸ்.ஹெச். கூடியும் தைராக்சின் இயல்பாகவும் இருந்தால், சுரப்பி சற்றுக் கூடுதலாகத் தூண்டப்பட்டாலும் உடலுக்கு வேண்டியதைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது என்று பொருள். இதையே அறிகுறி வெளிப்படாத தைராய்டு குறைபாடு என்கிறோம்.

மாத்திரையைத் தொடங்கும் முன், அந்த எண் நிலையானதுதானா என்று பார்க்க வேண்டும். கடும் நோயிலிருந்து தேறிவரும் நாட்களில் டி.எஸ்.ஹெச். தற்காலிகமாக உயர்வதுண்டு, லித்தியம், அமியோடரோன் போன்ற மருந்துகளாலும் அது உயரும். இரவில் உச்சத்தைத் தொட்டுப் பிற்பகலில் தாழும் ஹார்மோன் என்பதால், இரத்தம் எடுத்த நேரமும் எண்ணை மாற்றும். இந்தப் பெண்ணை விசாரித்தபோது, நிமோனியாவுக்காக மருத்துவமனையில் தங்கி வீடு திரும்பிய மூன்றாம் வாரத்தில் அந்தப் பரிசோதனை செய்யப்பட்டது தெரிந்தது. முதல் அறிக்கையை மட்டும் வைத்து ஆயுட்கால மருந்தை எழுதுவதை என் மனம் ஒப்புவதில்லை. இரண்டு, மூன்று மாதங்கள் கழித்து, அதே ஆய்வகத்தில், காலை வேளையில் டி.எஸ்.ஹெச்., ஃப்ரீ டி-4 இரண்டையும் மீண்டும் பார்க்கச் சொன்னேன். தைராய்டைத் தாக்கும் டி.பி.ஓ. எதிர்ப்புரதத்தையும் உடன் சேர்த்தேன்.

ஆனால் அவருடைய களைப்பு மூன்று மாதம் காத்திருக்கக்கூடியது அன்று. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதாகச் சொன்னார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தபோது உட்புறம் வெளிறியிருந்தது. ஹீமோகுளோபின் 9.2, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 8 என்று இரண்டுமே குறைவாக வந்தன. மாதவிடாயில் அதிக இரத்தம் போவதை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அதற்கான சிகிச்சையும் இரும்புச்சத்து மாத்திரையும் தொடங்கினோம். மூன்று மாதத்தில் களைப்பு பெருமளவு நீங்கிவிட்டது. தைராய்டு மாத்திரை எதுவும் இல்லாமலேயே டி.எஸ்.ஹெச். 4.9-க்கு இறங்கியிருந்தது, எதிர்ப்புரதமும் இல்லை. முதல் நாளே தைராக்சினைத் தொடங்கியிருந்தால், அந்த இறக்கத்தை மாத்திரையின் பலன் என்றே எல்லோரும் நம்பியிருப்போம்.

மாத்திரை தேவைப்படுவோரும் இருக்கிறார்கள். மறுபரிசோதனையிலும் டி.எஸ்.ஹெச். 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் பெரும்பாலும் சிகிச்சையைப் பரிந்துரைக்கிறோம். கருவுற்றிருப்பவர்களுக்கும் கருவுற முயல்பவர்களுக்கும் அளவுகோலே வேறு என்பதால், இங்கே சொல்லும் காத்திருப்பு அவர்களுக்குப் பொருந்தாது. அவர்கள் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். எதிர்ப்புரதம் இருப்பவர்களுக்குக் குறைபாடு முற்றும் வாய்ப்பு கூடுதல். இங்கிலாந்தில் விக்கம் பகுதி மக்களை 20 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், டி.எஸ்.ஹெச். உயர்வும் எதிர்ப்புரதமும் சேர்ந்திருந்த பெண்களில் ஆண்டுக்குச் சுமார் 4 விழுக்காட்டினருக்கு முழுமையான குறைபாடு வந்தது.

முதியவர்கள் விஷயத்தில் இன்னும் நிதானம் வேண்டும். வயது ஏறும்போது டி.எஸ்.ஹெச். இயல்பாகவே சற்று ஏறும். 80 வயதைக் கடந்தவருக்கு 6 அல்லது 7 இருப்பது நோயாக இல்லாமலும் போகலாம். 65 வயதுக்கு மேற்பட்ட 737 பேரிடம் நடந்து 2017-இல் வெளியான ட்ரஸ்ட் ஆய்வில், தைராக்சின் எடுத்தவர்களுக்கு எண் குறைந்ததே தவிர, களைப்போ மற்ற அறிகுறிகளோ வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிடக் குறையவில்லை. மாத்திரையின் அளவு கூடிவிட்டால் ஒழுங்கற்ற இதயத்துடிப்பும் எலும்புத் தேய்மானமும் வரக்கூடும். படபடப்பு, கைநடுக்கம், தூக்கமின்மை, காரணமில்லாத எடைக்குறைவு ஆகியவை அதன் அடையாளங்கள்.

ஏற்கெனவே மாத்திரை எடுத்துவருபவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. எந்த எண்ணைப் பார்த்துத் தொடங்கினார்கள், மறுபரிசோதனை செய்தார்களா என்று தம் மருத்துவரிடம் கேட்கலாம்.

அந்தப் பெண்ணை ஓராண்டு கழித்து மீண்டும் டி.எஸ்.ஹெச். பார்க்க வரச் சொல்லியிருக்கிறேன். கழுத்தில் வீக்கம் தெரிந்தாலோ, குளிர் தாங்காமல் போனாலோ, கருத்தரிக்கத் திட்டமிட்டாலோ அதற்கு முன்பே வர வேண்டும். மாத்திரைப் பெட்டி இன்னும் பிரிக்கப்படாமலே இருக்கிறது.