வளவுக்கு எந்த மெஷினும் போதாது

காரைக்குடியில் வீட்டுப் பொருள் விற்கும் கடைகளுக்கு ஆன்லைன் விவரக் குறிப்பு எழுதித் தருவது என் வேலை. கொசு விரட்டிக் குறிப்புகளில் நான் முதலில் பார்ப்பது, எவ்வளவு இடத்துக்கு என்ற வரியை.

அந்த வரியை நானே ஒருமுறை தப்பாக எழுதினேன். பெட்டியில் '10க்கு 10 அடி அறைக்கு' என்று இருந்தது. கடைக்காரர் கேட்டுக்கொண்டதால் 'வீடு முழுவதும் பாதுகாப்பு' என்று போட்டுவிட்டேன். கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி வாங்கினார். பத்தே நாளில் போன். "வளவுல மூணு மெஷின் மாட்டியாச்சு தம்பி, கடி குறையவே இல்லை."

எப்படிக் குறையும்? லிக்விட் சூடாகி மருந்து ஆவியாக வருகிறது. அந்த ஆவி அறைக்குள் தங்கினால்தான் கொசு மயங்கும். வளவு என்பது செட்டிநாட்டு வீட்டின் நடுப்பகுதி; அங்கே வானம் பார்த்த முற்றம் இருப்பதால் அத்தனையும் மேலே போய்விடும். மூன்று என்ன, முப்பது மாட்டினாலும் அப்படித்தான்.

மூடிய அறையிலும் உயரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். 10க்கு 10 அறை, கூரை 10 அடி என்றால் 1,000 கன அடி. ஆச்சி வீட்டு அறை 12க்கு 15, உயரம் 14 அடி. பெருக்கினால் 2,520. அதே மருந்து இரண்டரை மடங்கு காற்றில் கரைகிறது. சதுர அடியை மட்டும் பார்த்து வாங்கினால் இது தெரியாது.

இப்போது நான் எழுதுவது இப்படி:

"பெட்டியில் உள்ளபடி 10க்கு 10 அடி மூடிய அறைக்கு. கூரை உயரமான அறையில் பலன் குறையும். முற்றம், வளவு, திறந்த தாழ்வாரத்துக்கு உதவாது. அங்கே படுப்பவர்கள் கொசு வலை கட்டிக்கொள்ளவும்."

விற்பனை குறையுமே என்றார் கடைக்காரர். திரும்பி வரும் பெட்டிகள் குறையும் என்றேன்.

அடுத்து மருந்தின் பெயர். ரீஃபில் பாட்டிலைத் திருப்பினால் சின்ன எழுத்தில் 'ட்ரான்ஸ்ஃப்ளூத்ரின் 1.6%' என்பது போல இருக்கும். அதை அப்படியே எழுதுகிறேன். 'முழுக்க இயற்கை' என்று போடச் சொன்னால் மறுத்துவிடுவேன். சாமந்தி இனப் பூவிலிருந்து எடுக்கும் மருந்தைப் பார்த்து ஆலையில் செய்த பைரெத்ராய்டு அது. மீனுக்கு ஆகாது. அதனால் 'மீன் தொட்டி இருக்கும் அறையில் வேண்டாம், ரீஃபில் பிள்ளைகள் கைக்கு எட்டக்கூடாது' என்பதைக் கடைசியில் ஒளிக்காமல் விலைக்குக் கீழேயே வைக்கிறேன். பாட்டிலில் பூச்சிமருந்துப் பதிவு எண் இல்லையென்றால் குறிப்பே எழுதுவதில்லை. பெயர் தெரியாத கொசுவர்த்தி ஊதுபத்திகள் பலவற்றில் அந்த எண்ணைத் தேடினாலும் கிடைக்காது.

ஆச்சிக்குப் பணம் திரும்பிப் போனது. அப்புறம் முற்றத்து மழைநீர் பிடிக்கும் அண்டாவைப் பற்றிக் கேட்டேன். மூடியே இல்லையாம். வாரக்கணக்கில் நீர் நின்றால் அதிலேயே முட்டை புழுவாகி, கொசுவாகப் பறந்துவிடும். மெல்லிய துணியால் இறுகக் கட்டச் சொன்னேன், வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவவும் சொன்னேன்.