ரிப்போர்ட்ல 'மூணாம் நிலை'ன்னு இருந்தா அது 75 மார்க் இல்லீங்க

டெர்ம் ரிப்போர்ட் குடுத்த அன்னைக்கு சாயங்காலமே போன் வர ஆரம்பிச்சிடும். பாலக்கோடு பக்கத்துல இருந்து அஞ்சாவது படிக்கிற பையனோட அப்பா ஒருத்தர், "மிஸ், நாலுக்கு மூணுன்னு போட்டிருக்கீங்க, அப்ப 75 பர்சன்ட் தானே, போன வருஷம் 88 எடுத்தான், எதனால குறைஞ்சுது"ன்னு கேட்டாரு. இதே கேள்வி பல வீட்டுல ஓடும்னு தெரியும், அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன்.

அந்த மூணை பர்சன்டா மாத்தக் கூடாது. எங்க ரிப்போர்ட்ல நிலை 1னா டீச்சர் பக்கத்துல உக்காந்து கூடவே செஞ்சாத்தான் செய்வான், நிலை 2னா ஒரு குறிப்பு குடுத்தா செய்வான் இல்ல பாதி தூரம் தானா வருவான், நிலை 3னா யார் உதவியும் இல்லாம அந்த வகுப்புல அந்த டெர்ம்ல என்ன வரணுமோ அது முழுசா வந்திருச்சு. நிலை 4 வகுப்புல சொல்லிக் குடுக்காத புது இடத்துலயும் அதைக் கொண்டுபோய்ப் பயன்படுத்துற புள்ளைக்கு. அதனால மூணு வாங்கின புள்ளைகிட்ட 25 எங்க போச்சுன்னு கேக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல, வர வேண்டியது வந்திருச்சு. ரெண்டுன்னா 50ம் இல்ல. ஒண்ணுல இருந்து ரெண்டுக்கு ஒரே மாசத்துல வந்துடற புள்ளைக்கு ரெண்டுல இருந்து மூணுக்கு வர முழு டெர்மும் ஆகலாம், நிலைகளுக்கு நடுவுல இருக்கிற தூரம் ஒரே அளவு கிடையாது. அதனாலதான் ரிப்போர்ட்ல கணக்குப் பாடத்துக்குத் தனித்தனியா நிலை போட்டிருக்கிற நாலு வரியையும் கூட்டி நாலால வகுத்து ஒரு நம்பர் எடுத்தாலும் அதுக்கு அர்த்தம் வராது.

சரி, பழையபடி மார்க்கே போட்டா என்ன நஷ்டம்? ஒரு கணக்கை எடுத்துக் காட்டறேன், அப்பதான் புரியும். பாலக்கோடு மார்க்கெட்டுக்கு ஒருத்தர் 18 பெட்டி தக்காளி கொண்டு போறாரு, பெட்டிக்கு 25 கிலோ, கிலோ 14 ரூபாய்க்குப் போகுது, வண்டி வாடகை 900 ரூபாய், அவர் கையில மிஞ்சறது எவ்வளவு? 18 பெட்டின்னா 450 கிலோ, 6300 ரூபாய், வாடகை போக 5400.

ஒரு பொண்ணு 25ஐ 18ஆல பெருக்கறப்ப கடைசியா கூட்டறதுல தப்பு விட்டு 350ன்னு எழுதிட்டா, அதுக்கப்புறம் 350ஐ 14ஆல பெருக்கி 4900, அதுல 900 கழிச்சு 4000ன்னு முடிச்சிருக்கா. இன்னொரு பையன் 450 சரி, 6300 சரி, ஆனா கடைசியில 900ஐக் கூட்டி 7200ன்னு போட்டுட்டான். ரெண்டு விடையும் தப்பு, ஸ்டெப்புக்கு மார்க் போட்டா ரெண்டு பேருக்கும் அஞ்சுக்கு மூணு வரும், ரிப்போர்ட்ல ரெண்டு பேருக்கும் 60 பர்சன்ட். வீட்டுல என்ன நடக்கும்? ரெண்டு பேரையுமே 'கணக்கு வீக்கு'ன்னு சொல்லி வாய்ப்பாடு எழுத வச்சு டியூஷனுக்கு அனுப்புவோம்.

ஆனா இந்த ரெண்டு புள்ளைங்களுக்கும் பிரச்சனை ஒண்ணே இல்ல. அந்தப் பொண்ணுக்குக் கணக்கு சொல்ற கதை முழுசா புரிஞ்சிருக்கு, பெருக்கணும், பெருக்கணும், கழிக்கணும்னு வழி அத்தனையும் சரி, கை மட்டும் வழுக்குது. அந்தப் பையனுக்குப் பெருக்கல்ல ஒரு தப்பும் இல்ல, ஆனா வாடகைங்கிறது கையை விட்டுப் போற காசுன்னு அவன் யோசிக்கவே இல்ல, எண்ணைப் பார்த்தான், கூட்டிட்டான். எங்க ரிப்போர்ட்ல 'கணக்கைப் புரிஞ்சுக்கறது', 'வழியைத் தேர்ந்தெடுக்கறது', 'செய்முறை', 'விளக்கிச் சொல்றது'ன்னு நாலு வரி தனித்தனியா இருக்கறது இதுக்காகத்தான். பொண்ணுக்குப் புரிதல்ல மூணு, செய்முறைல ரெண்டு. பையனுக்கு அப்படியே திருப்பிப் போடுங்க. (இந்த ஒரே கணக்கை வச்சு நிலை போடறதில்ல, அந்த டெர்ம்ல செஞ்ச நாலஞ்சு வேலையில அதே மாதிரி திரும்பத் திரும்ப வருதான்னு பார்த்துட்டுத்தான் போடுவோம்.)

இப்ப வீட்டுல செய்ய வேண்டியதும் வேற வேற. பொண்ணுக்கு தினமும் ரெண்டே ரெண்டு பெருக்கல், கட்டம் போட்ட நோட்டுல இலக்கத்தை ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா எழுதி, முடிச்சதும் 'சுமாரா எவ்வளவு வரணும்'னு கேளுங்க, 25ஐ 20ஆல பெருக்கினா 500, அப்ப 18ஆல பெருக்கினா 350 வருமான்னு அவளே பிடிச்சிடுவா. பையனுக்கு வாய்ப்பாடு எழுத வைக்கறது வீண் வேலை, அது அவனுக்கு ஏற்கனவே வந்திருச்சு. அவனை பேனா எடுக்காம கணக்கைக் கதையா சொல்லச் சொல்லுங்க, காசு யார்கிட்ட இருந்து யாருக்குப் போகுதுன்னு சொல்லட்டும், சந்தைக்குப் போயிட்டு வந்தா செலவு என்ன வரவு என்னன்னு அவன்கிட்டயே கேளுங்க, அது போதும்.

"கமென்டும் எழுதுங்க, மார்க்கையும் சேர்த்துப் போடுங்க"ன்னு நிறைய பேர் கேக்கறீங்க. நியாயமாத்தான் தெரியும். ஆனா 1988லயே ரூத் பட்லர்ங்கிற ஆய்வாளர் இஸ்ரேல்ல பள்ளிப் புள்ளைங்களை வச்சு இதைச் சோதிச்சுப் பார்த்திருக்காங்க, ஒரு குழுவுக்கு மார்க் மட்டும், ஒரு குழுவுக்குக் கமென்ட் மட்டும், இன்னொரு குழுவுக்கு ரெண்டும். கமென்ட் மட்டும் வாங்கின புள்ளைங்க அடுத்த வேலையை நல்லா செஞ்சாங்க, ரெண்டும் வாங்கினவங்க மார்க் மட்டும் வாங்கினவங்க மாதிரியேதான் இருந்தாங்க. வகுப்புல நாங்க பார்க்கறதும் இதேதான், நம்பர் இருந்தா கண்ணு அதுலயே நின்னுடும், பக்கத்துப் பெஞ்சுக்காரன் எவ்வளவுன்னுதான் அடுத்த பேச்சு. அரசுப் பள்ளியில 2022ல வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்துலயும் அரும்பு, மொட்டு, மலர்னு நிலையாத்தான் பிரிச்சாங்க, புள்ளை எங்க நிக்குதோ அங்கிருந்து சொல்லிக் குடுக்கறதுக்காக. பத்தாவது, பன்னெண்டாவது பொதுத் தேர்வுல மார்க்தான், அதுல மாற்றுக் கருத்து இல்ல, ஆனா அஞ்சாவதுல எங்க ஓட்டை இருக்குன்னு தெரியாம போனா பத்தாவதுல அது மொத்தமா வந்து நிக்கும்.

நம்ம பக்கத்துக்குன்னே ஒரு விஷயம் சொல்லணும். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் வீட்டுல தெலுங்கோ கன்னடமோ பேசற புள்ளைங்க நிறைய. அவங்கள்ல சிலருக்குக் கமென்ட்ல 'வாசிச்சுக் காட்டினா செய்றாங்க, தானா வாசிச்சா நின்னுடறாங்க'ன்னு இருக்கும். அது கணக்குக் குறை இல்ல, கேள்வியோட தமிழ் இன்னும் ஓட்டமா வரல, அவ்வளவுதான். இதை 45 மார்க்குன்னு பார்த்தா யாருக்கும் தெரியாது. வீட்டுப் பாஷையிலயே கணக்கைச் சொல்லிப் பாருங்க, செஞ்சுட்டாங்கன்னா தினம் பத்து நிமிஷம் தமிழ் வாசிக்க வைங்க, தனியா கணக்கு டியூஷன் வேண்டாம்.

இந்த முறையிலயும் ஓட்டை இருக்கு, அதையும் சொல்லிடறேன். அவசரத்துல எல்லாருக்கும் நடுவுல ரெண்டு, மூணுன்னு போட்டுட்டுப் போற பழக்கம் வந்துடும், ஒரே நோட்டுக்கு ரெண்டு டீச்சர் ரெண்டு நிலை போடறதும் நடக்கும், அதனாலதான் சில நோட்டுகளை ரெண்டு பேர் தனித்தனியா பார்த்து, வேற வேற நிலை வந்தா உக்காந்து பேசி முடிவு பண்றோம். ரெண்டு டெர்மா ஒரே நிலைல நிக்குதேன்னு பயப்படாதீங்க, நிலைங்கறது அகலமானது, அதுக்குள்ளயே புள்ளை நகர்ந்திருக்கும், அது கமென்ட்லதான் தெரியும். போன டெர்ம் கமென்டையும் இந்த டெர்ம் கமென்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிங்க.

கமென்ட்ல 'குட், கீப் இட் அப்'னு மட்டும் இருந்தா அதை ஏத்துக்காதீங்க. என்ன வந்திருக்கு, அடுத்து என்ன வரணும், எந்த வேலையைப் பார்த்து இதைச் சொல்றீங்கன்னு மூணும் கேளுங்க. பேரன்ட்ஸ் மீட்டிங் வர்றப்ப ரிப்போர்ட்டோட புள்ளையோட கணக்கு நோட்டையும் எடுத்துட்டு வாங்க, நிலை 2ன்னு எழுதியிருக்கிற ஒவ்வொரு வரிக்கும் நோட்டுல எந்தப் பக்கம்னு நாங்க திருப்பிக் காட்டணும்.