வேலூர் வெயிலில் உருகும் குக்கீ

சித்திரை மாதம், சத்துவாச்சாரியில் அண்ணி வீடு. ஓவனிலிருந்து தட்டை வெளியே எடுத்தபோது அதில் பன்னிரண்டு குக்கீகள் இல்லை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, அப்பளம்போல் மெலிந்த ஒரே ஒரு தகடு இருந்தது. "தம்பி, அளவில் ஒரு கிராம்கூட மாற்றவில்லை" என்றார் அண்ணி. உண்மைதான். வெண்ணெய் 115 கிராம், சர்க்கரை 100 கிராம், மைதா 150 கிராம், ஒரு முட்டை, கால் தேக்கரண்டி ஆப்பசோடா. குறிப்பில் இருந்த ஒரு சொல்தான் காலை வாரிவிட்டது: 'அறை வெப்பநிலையில் உள்ள வெண்ணெய்'.

அதை எழுதியவரின் அறை 20 டிகிரி செல்சியஸ் இருந்திருக்கும். அண்ணியின் சமையலறை அன்று 36 டிகிரி. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் முழுவதும் உருகிவிடும். அதாவது அவர் கிண்ணத்தில் இருந்தது வெண்ணெய் என்ற பெயரில் ஓர் எண்ணெய்.

ஓவனுக்குள் நடப்பது ஒரு பந்தயம். சூடு ஏற ஏற முதலில் கொழுப்பு உருகுகிறது. பிறகு, கரையாமல் கிடந்த சர்க்கரையும் கரைந்து பாகாகிறது. இரண்டும் மாவை இளக்கி ஓட விடுகின்றன. அந்த ஓட்டத்தை நிறுத்துவது முட்டையின் புரதம். அது 60 டிகிரியைத் தாண்டித்தான் இறுகத் தொடங்கும். சர்க்கரை அதிகம் இருந்தால் இன்னும் தாமதிக்கும். விளிம்பு இறுகும் நேரத்தில் மாவு எவ்வளவு தூரம் போயிருக்கிறதோ, அதுதான் குக்கீயின் அகலம்.

குளிர்ந்த மாவு இந்தப் பந்தயத்தில் தாமதமாகக் கிளம்புகிறது. திடமான கொழுப்பு முதலில் சூடேற வேண்டும், பிறகு உருகவும் தனியாக வெப்பம் வேண்டும். உள்ளே இது நடந்துகொண்டிருக்கும்போதே வெளி விளிம்பு இறுகி வேலி போட்டுவிடும். அண்ணியின் மாவோ ஏற்கெனவே உருகிய கொழுப்போடு உள்ளே போனது. அதை எதுவும் தடுக்கவில்லை.

சரி, அந்த மாவைக் குளிர்பெட்டியில் வைத்தால் சரியாகிவிடுமா? பாதிதான். வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிக்கும்போது, சர்க்கரைப் படிகங்கள் வெண்ணெயைக் கீறிக் கீறி நுண்ணிய காற்றுக் குமிழிகளை நுழைக்கின்றன. குழைவாக, ஆனால் உருகாமல் இருக்கும் வெண்ணெய்தான் அவற்றைப் பிடித்துவைக்கும். எண்ணெயில் காற்று தங்காது. உருகிய பிறகு குளிர வைத்தால் மாவு கெட்டியாகும், பரவலும் குறையும். போன காற்று திரும்ப வராது. குக்கீ தடிமனாக வரும், ஆனால் கடித்தால் அடர்த்தியாக இருக்கும்.

ஆகவே அடிக்கும்போதே கவனம் வேண்டும். வெண்ணெயில் விரலை அழுத்திப் பாருங்கள். குழி அப்படியே நிற்க வேண்டும், மேற்பரப்பு மங்கலாக இருக்க வேண்டும். விரலில் எண்ணெய் பளபளத்தால் நேரம் கடந்துவிட்டது. எங்கள் ஊர்க் கோடையில் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, துண்டு துண்டாக வெட்டி, சில நிமிடங்களிலேயே அடிக்கத் தொடங்கிவிடலாம். அடிப்பதும் சூட்டைக் கூட்டும் என்பதால் கிண்ணத்தையும் சர்க்கரையையும் முன்கூட்டியே குளிர வைப்பேன்.

அடுத்த முறை அண்ணி அப்படித்தான் செய்தார். மாவைப் பிசைந்ததும் பெரிய உருண்டையாகக் குளிர்பெட்டியில் வைக்கப் போனவரைத் தடுத்தேன். தடிமன் இரண்டு மடங்கானால் நடுப்பகுதி குளிர ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். ஒரு மணி நேரம் கழித்தும் பெரிய உருண்டையின் வெளிப்புறம் கல்லாகவும் நடுப்பகுதி வெதுவெதுப்பாகவும் இருக்கும். நெல்லிக்காயைவிடச் சற்றுப் பெரிய, 25 கிராம் உருண்டைகளாகப் பிடித்துத் தட்டில் பரப்பி வைத்தோம். முக்கால் மணி நேரம் போதுமானதாக இருந்தது. முன்சூடாக்கிய ஓவனில் 175 டிகிரியில் பன்னிரண்டு நிமிடம். தனித்தனியாக, நடுவில் மேடாக வந்தன.

குளிர்விப்பதற்கும் எல்லை உண்டு. உறைந்த உருண்டையை அப்படியே ஓவனில் வைத்தால் அது அதிகம் பரவாது; மேல்புறம் சிவந்தாலும் நடுவே பச்சை மாவு நிற்கும். உறைய வைக்குமுன்பே அதை உள்ளங்கையால் லேசாகத் தட்டையாக்கிவிட வேண்டும்.

வனஸ்பதியில் செய்தால் இவ்வளவு பாடு இல்லை. அதன் உருகுநிலை வெண்ணெயைவிட உயர்வாக வைக்கப்படுவதால் வெயிலிலும் வடிவம் நிற்கும். ஆனால் உடல் சூட்டில் முழுதும் உருகாத கொழுப்பு மேலண்ணத்தில் மெழுகாகப் படியும். எனக்கு அது பிடிப்பதில்லை.

இரண்டாவது ஈடு வைக்கும்போது இன்னொரு வம்பு வந்தது. சுட்ட தட்டிலேயே குளிர்ந்த உருண்டைகளை வைத்தால், ஓவனுக்குள் போகுமுன்பே அடிப்பகுதி உருகத் தொடங்கிவிடும். அண்ணி தட்டைக் குழாயடியில் பிடித்தார். மொட்டை மாடித் தொட்டியில் நாளெல்லாம் காய்ந்த தண்ணீர் சுடச்சுட வந்தது. கடைசியில் மண்பானைத் தண்ணீரை ஊற்றித்தான் தட்டை ஆற்றினோம்.