‘தரமான ஆய்வு’ இல்லை, பண்பறி ஆய்வு

எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வேடுகளின் தமிழ் ஒப்புதல் படிவங்களில் குவாலிடேட்டிவ் ரிசர்ச்சுக்குத் ‘தரமான ஆய்வு’ என்று போடும் வழக்கம் எப்படியோ ஒட்டிக்கொண்டுவிட்டது. சரி, அப்படியானால் குவான்டிடேட்டிவ் என்பது தரமில்லாத ஆய்வா?

சொல்லின் வேரைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். லத்தீனில் ‘குவான்டஸ்’ என்றால் எவ்வளவு, ‘குவாலிஸ்’ என்றால் எத்தகைய. உயர்ந்தது, மட்டமானது என்ற பேச்சே அந்த வேரில் கிடையாது. நம் பள்ளி வேதியியலில் இது எப்போதோ தீர்ந்த விஷயம்: உப்பில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது பண்பறி பகுப்பாய்வு, எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது அளவறி பகுப்பாய்வு. அதே சொற்களை எடுத்து அளவறி ஆய்வு, பண்பறி ஆய்வு என்று சொன்னால் முடிந்தது. ‘அளவுசார்’, ‘பண்புசார்’ என்பதும் எனக்குச் சம்மதம்தான், ஆனால் ‘அறி’ என்று வரும்போது எதை அறியப் போகிறோம் என்பதும் சொல்லிலேயே வந்துவிடுகிறது.

ஓயாத வேலை அழுத்தத்தால் செவிலியர்களுக்கு வரும் பர்ன்அவுட் பற்றி ஒரு மாணவி திட்டம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவமனையில் 300 செவிலியர்கள். எத்தனை பேருக்கு எந்த அளவில் இருக்கிறது, ஐசியூவில் கூடுதலா வார்டில் கூடுதலா என்பது கேள்வியானால் அது அளவறி ஆய்வு. பர்ன்அவுட்டை அளப்பதற்கென்றே மாஸ்லாக் வினாத்தாள் இருக்கிறது. 22 கூற்றுகள், ஒவ்வொன்றும் எவ்வளவு அடிக்கடி நேர்கிறது என்று 0 முதல் 6 வரை குறிக்க வேண்டும். பாதிப்பேருக்கு இருக்கலாம் என்று கொண்டு, 95 சதவீத நம்பிக்கையில் 5 சதவீதப் பிழையை அனுமதித்தால், 300 பேரில் சுமார் 169 பேர் வேண்டும். ஆனால் ஒரே சமயத்தில் எடுத்த கணக்கை வைத்துக்கொண்டு ‘நைட் டூட்டியால்தான் வந்தது’ என்று முடிவுரையில் எழுத முடியாது. இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அந்த வினாத்தாளின் மூன்று பகுதிகளில் ஒன்று, நோயாளியை மனிதராகப் பார்க்காமல் விலகிப்போவதைக் கேட்கிறது. ‘ஆறாம் நம்பர் பெட்’ என்று சொல்வது அந்த விலகலா, வெறும் வார்டு வழக்கமா, எப்போதிலிருந்து பெயர் சொல்வதை நிறுத்தினார், அதற்கு முந்தைய வாரம் என்ன நடந்தது என்பதெல்லாம் 0 முதல் 6 வரையிலான எண்ணில் வராது. இதற்குத்தான் பண்பறி ஆய்வு. பத்துப் பன்னிரண்டு பேரை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்து நீண்ட நேர்காணல் எடுக்கிறோம், புதிதாக எதுவும் வராத கட்டத்தில் நிறுத்துகிறோம். இங்கே ‘70 சதவீதம் பேர் சொன்னார்கள்’ என்று அட்டவணை போட்டிருந்தால், எழுதியவருக்கு முறை புரியவில்லை என்று அர்த்தம். வினாத்தாளின் கடைசியில் ‘வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் அது பண்பறி ஆய்வு ஆகிவிடாது.

‘தரம்’ என்ற சொல் செய்யும் உண்மையான கெடுதல் இங்கேதான். மருத்துவமனையில் தரம் என்றாலே அங்கீகார ஆடிட், குவாலிட்டி செல், கை கழுவினீர்களா என்று டிக் அடிக்கும் ஆள். ‘தர ஆய்வுக்காக உங்களிடம் பேச வேண்டும்’ என்று படிவத்தை நீட்டினால், அந்த சிஸ்டர் தன் வேலையைத்தான் மதிப்பிட வந்திருக்கிறார்கள் என்று நினைக்க மாட்டாரா? ‘ஒண்ணும் பிரச்சினை இல்லைங்க, எல்லாம் நல்லாத்தான் போகுது’ என்பார். ஒலிப்பதிவு முழுக்க இப்படியே ஓடும். நடந்த சம்பவம் ஒன்றுகூட வராது. அப்புறம் மாணவி, செவிலியர்கள் மனம் திறக்கவில்லை என்று அதை ஆய்வின் வரம்புகளில் எழுதுவார்.

தூய தமிழ் அன்பர்கள் ஒரு தடை எழுப்புவது உண்டு: தொல்காப்பியம் பண்புத்தொகையைச் சொல்லும்போது வண்ணம், வடிவம், சுவையோடு அளவையும் சேர்த்துத்தானே சொல்கிறது, அப்படியிருக்க அளவுக்கு எதிராகப் பண்பை எப்படி நிறுத்தலாம்? நியாயமான கேள்விதான். இலக்கணத்தில் அளவும் பண்புதான். ஆனால் கலைச்சொல் இணையாக வரும்போது ஒன்று மற்றதன் எல்லையைக் குறுக்கும். வேதியியலில் யாரும் இதனால் குழம்பியதில்லை. பண்பு என்றால் நல்ல நடத்தை என்று நினைப்பார்களே என்றால், ‘தரமான’ தரும் குழப்பத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

இதே படிவங்களில் பர்ன்அவுட்டுக்கு ‘மனச்சோர்வு’ என்று எழுதுவது இன்னொரு தொல்லை. மனச்சோர்வு என்றால் டிப்ரஷன், அது நோய். பர்ன்அவுட்டை உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாடான ஐசிடி-11இல் வேலை சார்ந்த நிகழ்வாக மட்டுமே வைத்திருக்கிறது, நோயாக இல்லை. ‘உங்கள் மனச்சோர்வு பற்றிய தரமான ஆய்வு’ என்று தலைப்பிட்ட தாளில் எந்தச் செவிலியர் கையெழுத்துப் போடுவார்? ‘உங்கள் பணிச்சோர்வு அனுபவம் பற்றிய ஆய்வு’ என்று எழுதுங்கள், பண்பறி என்ற சொல்லை முறையியல் அத்தியாயத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.